கிராணியின் பதிவேடும் கடைக்காரரின் கணக்கும்

ரிங்லெட்டுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்ட அலுவலகத்தில் வேலை செய்யும் தங்கை ஒருத்தி சென்ற மாதம் கைப்பேசியில் அழைத்தாள். கேட்டது ஒரே ஒரு கேள்விதான். "அண்ணே, எங்க பதிவேட்டுல மார்ச் மாதக் கொள்முதல் ஒரு தொகை காட்டுது. மைஇன்வாய்ஸ்ல வந்திருக்கிற பில் எல்லாம் கூட்டினா வேற தொகை வருது. இருபத்தாறாயிரம் வெள்ளிக்கு மேல வித்தியாசம். எந்தப் பில் காணோம்னு எப்படித் தேடுறது?"

இந்தக் கேள்வி அவளுக்கு மட்டும் உரியதல்ல. முன்பெல்லாம் தோட்டத்துக் கிராணி தடித்த பேரேட்டில் உரம், டீசல், தேயிலைப் பை, இயந்திர உதிரி என்று எழுதி, காகிதப் பில்லை ஆணியில் குத்தி வைத்தால் வேலை முடிந்தது. இப்போது அதே பில்லுக்கு இரண்டாவது சாட்சி ஒன்று உண்டு. பொருளை விற்றவர் உள்நாட்டு வருமான வரி வாரியத்தின் மைஇன்வாய்ஸ் தளத்தில் மின்விலைப்பட்டியலைத் தாக்கல் செய்கிறார். வாரியம் அதைச் சரிபார்த்து ஓர் அடையாள எண் கொடுக்கிறது. 2024 ஆகஸ்ட் 1-ஆம் தேதி 10 கோடி வெள்ளிக்கு மேல் ஆண்டு விற்பனை உள்ள நிறுவனங்களோடு தொடங்கிய ஏற்பாடு இது. 2025 ஜனவரி 1, 2025 ஜூலை 1 என்று படிப்படியாக இறங்கி, 2026 ஜனவரி 1 முதல் 10 லட்சத்திலிருந்து 50 லட்சம் வெள்ளி வரை விற்பனை உள்ளவர்களையும் சேர்த்துக்கொண்டது. 10 லட்சத்துக்குக் கீழ் உள்ளவர்களுக்கு விலக்கு.

வாங்கியவருக்கு இதில் என்ன கவலை? அந்தச் செலவை வருமானத்திலிருந்து கழித்துக் காட்டும்போது மின்விலைப்பட்டியல்தான் ஆதாரம். கொடுக்க வேண்டிய கடமை உள்ள விற்பனையாளர் அதைக் கொடுக்காமல் விட்டால், தணிக்கையின்போது செலவை ஏற்காமல் போக இடமுண்டு. 24 விழுக்காடு வரி கட்டும் நிறுவனத்துக்கு 18,400 வெள்ளி உர பில் ஒன்று ஏற்கப்படாமல் போனால், 4,416 வெள்ளி கூடுதல் வரி. தப்பு விற்றவருடையது, சுமை வாங்கியவர் தலையில்.

ஆகவே இந்த வாரம் ஒரே ஒரு வேலையைப் பார்ப்போம். நம் கொள்முதல் பதிவேட்டையும், விற்பனையாளர்கள் தாக்கல் செய்த பட்டியலையும் எக்செலில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, விடுபட்டதைக் கண்டுபிடிப்பது. தங்கையின் மார்ச் மாதக் கணக்கையே எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் இரண்டு தாள்கள்

ஒரே கோப்பில் இரண்டு தாள்கள் வேண்டும். நம் பதிவேட்டுத் தாளுக்கு `PR` என்றும், விற்பனையாளர்கள் தாக்கல் செய்த பட்டியலுக்கு `SUP` என்றும் பெயர் வைக்கிறோம். இரண்டிலும் நிரல்கள் ஒரே ஒழுங்கில் இருக்கட்டும். A-யில் தேதி, B-யில் விற்பனையாளரின் வரி எண், C-யில் பெயர், D-யில் பில் எண், E-யில் மொத்தத் தொகை. `SUP` தாளில் மட்டும் G நிரலில் பட்டியலின் நிலை: `Valid` அல்லது `Cancelled`. F நிரலை இரண்டிலும் காலியாக விடுங்கள். அது சாவிக்கு.

`SUP` தாளுக்கான விவரங்களை உங்கள் கணக்கு மென்பொருள் இறக்கித் தந்தால் நல்லது. இல்லையென்றால், தளத்தில் உங்களுக்கு வந்துள்ள பட்டியல்களைப் பார்த்து இந்த ஆறு விவரங்களைத் தட்டிக்கொள்ளலாம். நடுத்தரத் தோட்ட அலுவலகத்துக்கு மாதம் நாற்பது, ஐம்பது பில்தான் வரும். ஒரு காலைப் பொழுது வேலை.

இதை மாதம் முடிந்த மறுநாளே செய்யாதீர்கள். மாதத்தின் சில்லறை விற்பனைகளைத் தொகுத்து ஒரே மின்விலைப்பட்டியலாகக் கொடுப்பவர்களுக்கு, மாதம் முடிந்து ஏழு நாள் அவகாசம் உண்டு. தவிர, 31-ஆம் தேதி மாலை தாப்பா வளைவுகளில் ஏறி வந்த லோரியின் பில்லுக்கு விற்பனையாளர் 1-ஆம் தேதி போட்டிருப்பார். எனவே பத்தாம் தேதிக்குப் பிறகு உட்காருங்கள். `SUP` தாளில் அடுத்த மாதத்தின் முதல் பத்து நாள் பில்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சூத்திரம் எழுதுவதற்கு முன் ஒரு சோதனை. இரண்டு தாளிலும் E நிரலுக்கு வெளியே ஏதேனும் ஒரு காலிக் கட்டத்தில் இதைத் தட்டுங்கள்.

```
=COUNTA(E:E)-1-COUNT(E:E)
```

விடை 0 வர வேண்டும். 3 என்று வந்தால், தொகை நிரலில் மூன்று கட்டங்கள் எண்ணாக இல்லாமல் எழுத்தாக உட்கார்ந்திருக்கின்றன என்று பொருள். வேறு இடத்திலிருந்து ஒட்டும்போது "RM" என்ற எழுத்தோ கண்ணுக்குத் தெரியாத இடைவெளியோ கூடவே வந்துவிடும். `SUMIFS` அப்படிப்பட்ட கட்டங்களைக் கூட்டாது, கூட்டவில்லை என்று சொல்லவும் சொல்லாது. பில் காணவில்லை என்று நீங்கள் கடைக்காரரைத் திட்டிக்கொண்டிருப்பீர்கள்.

சாவி செய்வது

கடைக்காரர் தம் பில்லில் `INV-2603/118` என்று அச்சிட்டிருப்பார். தாக்கல் செய்யும்போது அவருடைய மென்பொருள் `INV2603-118` என்று அனுப்பியிருக்கும். நம் அலுவலகத்தில் `inv 2603 118` என்று தட்டியிருப்போம். மனிதக் கண்ணுக்கு மூன்றும் ஒன்று, எக்செலுக்கு மூன்றும் வேறு. கோடு, சாய்கோடு, இடைவெளி ஆகியவற்றை நீக்கிவிட்டு, வரி எண்ணையும் முன்னால் ஒட்டி ஒரு சாவி செய்கிறோம். இரண்டு தாளிலும் F2 கட்டத்தில் இதைத் தட்டிக் கீழே இழுத்துவிடுங்கள்.

```
=TRIM(B2)&"|"&SUBSTITUTE(SUBSTITUTE(SUBSTITUTE(
SUBSTITUTE(UPPER(D2),CHAR(160),""),"-",""),"/","")," ","")
```

`CHAR(160)` என்பது இணையப் பக்கத்திலிருந்து ஒட்டும்போது வரும் ஒருவகை இடைவெளி. சாதாரண இடைவெளியைப் போலவே தெரியும், ஆனால் `TRIM` அதைத் தொடாது. அதனால்தான் தனியாக நீக்குகிறோம்.

வரி எண்ணை ஏன் ஒட்ட வேண்டும்? இரண்டு காரணம். ஒன்று எல்லாருக்கும் தெரிந்தது: ரிங்லெட் கடைக்கும் 418-ஆம் எண் பில் உண்டு, ஈப்போ கடைக்கும் உண்டு. இரண்டாவது பலருக்குத் தெரியாதது. `SUMIFS`-க்கு நிபந்தனையாக `00418` என்று கொடுத்தால் அது அதை 418 என்ற எண்ணாகவே எடுத்துக்கொள்ளும். `MATCH` அப்படியல்ல, எழுத்தாக இருக்கும் `00418` வேறு, எண்ணாக இருக்கும் 418 வேறு என்று பிடிவாதம் பிடிக்கும். ஒரே பில்லைப் பற்றி இரண்டு சூத்திரங்களும் இரண்டு விதமாகப் பேசினால் நாம் யாரை நம்புவது? எழுத்தில் தொடங்கும் வரி எண்ணும் நடுவில் ஒரு கோடும் சேர்ந்துவிட்டால் சாவி முழுதும் எழுத்தாகிவிடும். சண்டை தீர்ந்தது.

வரி எண் தெரியாத சிறு கடைகளுக்கு `X` எழுத்தில் தொடங்கும் ஒரு குறியீட்டை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் பயன்படும்.

கடைவாரியாக முதல் பார்வை

மூன்றாவது தாள் ஒன்று திறந்து `TOT` என்று பெயர் வையுங்கள். A நிரலில் வரி எண் ஒவ்வொன்றையும் ஒரு முறை எழுதி, B நிரலில் பெயர், C-யிலும் D-யிலும் இந்த இரண்டு சூத்திரங்கள்.

```
=SUMIFS(PR!E:E,PR!B:B,A2)
=SUMIFS(SUP!E:E,SUP!B:B,A2,SUP!G:G,"Valid")
```

முதலாவது நம் பதிவேட்டுத் தொகை. இரண்டாவது விற்பனையாளர் தாக்கல் செய்து இன்னும் செல்லுபடியாகும் தொகை. ரத்தானவை இதில் சேராது.

தங்கையின் கணக்கில் பெரும்பாலான கடைகள் சென் பிசகாமல் பொருந்தின. கவனிக்க வேண்டியவர்கள் ஐந்து பேர். ஈப்போ உரக்கடை: பதிவேட்டில் 38,400, தாக்கலில் 20,000. தேயிலைப் பை தருபவர்: பதிவேட்டில் 12,960, தாக்கலில் 12,690. இயந்திர உதிரிக்காரர்: பதிவேட்டில் 5,845, தாக்கலில் ஒன்றுமில்லை. லோரி பழுதுபார்க்கும் பட்டறை: பதிவேட்டில் 2,380, தாக்கலில் ஒன்றுமில்லை. டீசல் தருபவர்: இரண்டிலும் 21,630.

ஐந்தையும் கூட்டினால் பதிவேட்டில் 81,215, தாக்கலில் 54,320. வித்தியாசம் 26,895 வெள்ளி. அவள் சொன்ன தொகை வந்துவிட்டது.

"டீசல்தான் சரியா இருக்கே, அதை ஏன்ணே இதுல சேர்க்கிறீங்க?" என்றாள். சற்றுப் பொறு என்றேன்.

பில்வாரியாக இரண்டாம் பார்வை

கடைவாரி மொத்தம் எந்தக் கடை என்று சொல்லும். எந்தப் பில் என்று சொல்லாது. அதற்கு `PR` தாளில் மூன்று நிரல்கள் சேர்க்கிறோம். G2, H2, I2 கட்டங்களுக்கு முறையே:

```
=SUMIFS(SUP!E:E,SUP!F:F,F2,SUP!G:G,"Valid")
=ROUND(SUMIFS(PR!E:E,PR!F:F,F2)-G2,2)
=IFERROR(INDEX(SUP!G:G,MATCH(F2,SUP!F:F,0)),"NIL")
```

G நிரல் அந்தப் பில்லுக்கு விற்பனையாளர் எவ்வளவு தாக்கல் செய்தார் என்பது. H நிரல் வித்தியாசம். H-இல் `E2-G2` என்று எளிதாகக் கழிக்காமல், பதிவேட்டையும் `SUMIFS` கொண்டு கூட்டுவதற்குக் காரணம் உண்டு. ஒரே உர பில்லை இரண்டு பிரிவுகளுக்குப் பங்கிட்டு இரண்டு வரிசையில் எழுதுவது தோட்டக் கணக்கில் வழக்கம். பாதித் தொகையை முழுப் பில்லோடு ஒப்பிட்டால் இல்லாத வித்தியாசம் தெரியும். `ROUND` போடுவது, சென் கணக்கில் எக்செல் சில நேரம் விட்டுவைக்கும் நுண்ணிய மிச்சத்தைத் துடைப்பதற்கு.

I நிரல் வேறு கேள்விக்கு விடை சொல்கிறது: அந்தப் பில் தாக்கல் பட்டியலில் இருக்கிறதா, இருந்தால் என்ன நிலையில்? G-யில் 0 வந்தால் இரண்டு பொருள் இருக்க முடியும். பில்லே வரவில்லை என்பது ஒன்று. வந்து ரத்தாகிவிட்டது என்பது இன்னொன்று. `SUMIFS`-க்கு இவ்விரண்டும் ஒன்றுதான். தேடல் சூத்திரம்தான் பிரித்துக் காட்டும். தேடலை மட்டும் நம்பவும் கூடாது. `MATCH` முதலில் கண்ணில் பட்டதோடு நின்றுவிடும். விற்பனையாளர் ஒரு பில்லை ரத்து செய்துவிட்டு அதே எண்ணில் மறுபடி கொடுத்திருந்தால், தேடல் பழையதைக் காட்டி `Cancelled` என்று பயமுறுத்தும், `SUMIFS` புதியதைச் சரியாகக் கூட்டியிருக்கும். இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

எக்செல் 2021 அல்லது 365 வைத்திருப்பவர்கள் `XLOOKUP` பயன்படுத்தலாம். பல தோட்ட அலுவலகங்களில் பழைய எக்செல்தான் ஓடுகிறது என்பதால் இரண்டிலும் வேலை செய்யும் `INDEX`, `MATCH` கொடுத்திருக்கிறேன். `VLOOKUP` பழகியவர்கள் கடைசியில் `FALSE` போட மறந்தால், இல்லாத பில்லுக்கும் பக்கத்துப் பில்லின் விடையைக் கொண்டுவந்து வைக்கும்.

அடுத்து எதிர்த்திசை. `SUP` தாளில் H2 கட்டத்தில்:

```
=IFERROR(MATCH(F2,PR!F:F,0),"NIL")
```

எண் வந்தால் பதிவேட்டில் அந்த வரிசையில் பில் இருக்கிறது. `NIL` வந்தால், விற்பனையாளர் நம் பெயரில் தாக்கல் செய்திருக்கிறார், நம் பதிவேட்டில் இல்லை. பலர் இந்தப் பக்கத்தைப் பார்ப்பதே இல்லை. பதிவு செய்ய மறந்த பில்லும், நாம் வாங்காத பொருளுக்கு வந்த பில்லும் இங்குதான் தெரியும்.

கடைசியாக `PR` தாளின் J2 கட்டத்தில் ஒரு துப்பறியும் சூத்திரம்:

```
=COUNTIFS(SUP!B:B,B2,SUP!E:E,E2,SUP!H:H,"NIL")
```

அதே கடை, அதே தொகை, நம் பதிவேட்டில் துணையில்லாமல் நிற்கும் பில் எத்தனை என்று இது எண்ணும். H நிரல் 0 ஆகாத வரிசைகளில் மட்டும் இதைப் பாருங்கள். 1 என்று வந்தால் பில் காணாமல் போகவில்லை, பில் எண்ணைத்தான் யாரோ தவறாகத் தட்டியிருக்கிறார்கள் என்று சந்தேகிக்கலாம். சந்தேகம் மட்டும்தான், காகிதப் பில்லை எடுத்துப் பார்த்த பிறகே திருத்த வேண்டும்.

ஐந்து கடைகள், ஐந்து கதைகள்

இனி ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

உரக்கடையில் இரண்டு பில். இரண்டுமே I நிரலில் `NIL` என்றே காட்டின. முதலாவது 20,000 வெள்ளி. அதன் J நிரலில் 1. காகிதத்தைப் பார்த்தால் எண் `INV2603-118`. பதிவேட்டில் வெறும் `INV 118`. திருத்தியதும் பொருந்திவிட்டது. இரண்டாவது 18,400 வெள்ளி, J நிரலில் 0. இதுதான் உண்மையிலேயே காணாமல் போன பில். உரம் வந்திருக்கிறது, கையெழுத்திட்ட விநியோகச் சீட்டும் இருக்கிறது. கடைக்கு அழைத்துக் கேட்டபோது விஷயம் வெளிவந்தது. அன்று விற்பனையாள் லோரியோடு வந்து கையால் பில் எழுதிக் கொடுத்திருக்கிறார், தோட்டத்தின் வரி எண்ணைக் குறிக்கவில்லை. அலுவலகத்தில் அதை மாதக் கடைசித் தொகுப்பில், வாங்குபவர் பொதுமக்கள் என்று போட்டுவிட்டார்கள். 2026 ஜனவரி 1 முதல், ஒரே விற்பனை 10,000 வெள்ளியைத் தாண்டினால் அதைத் தொகுப்பில் சேர்க்கக்கூடாது, தனி மின்விலைப்பட்டியல் வேண்டும் என்பது பொது விதி. புதிதாக இத்திட்டத்தில் சேர்ந்தவர்களுக்குத் தளர்வுக் காலம் உண்டு என்பதால், விற்பனையாளர் எந்தக் கட்டத்தில் சேர்ந்தவர் என்று கேட்டுக்கொள்வது நல்லது. இந்தக் கடை பழைய கட்டத்தைச் சேர்ந்தது. தொகுப்பைச் சரிசெய்துவிட்டு, தோட்டத்தின் பெயரிலும் எண்ணிலும் புதிய பட்டியல் கொடுக்க ஒப்புக்கொண்டார்கள்.

தேயிலைப் பை தருபவரிடம் 270 வெள்ளி வித்தியாசம். பழைய கிராணிகளுக்குத் தெரிந்த ஒரு வித்தை உண்டு. வித்தியாசத்தை 9-ஆல் வகுத்துப் பார். மிச்சமில்லாமல் வந்தால், பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறியிருக்கலாம். 270-ஐ 9-ஆல் வகுத்தால் 30. 12,690 என்பதை 12,960 என்று தட்டியிருக்கிறார்கள். காகிதப் பில்லிலும் 12,690தான். தவறு நம் பக்கம். பணம் இன்னும் அனுப்பவில்லை என்பதால் 270 வெள்ளி கூடுதலாகப் போகாமல் தப்பியது.

இயந்திர உதிரிக்காரரின் 5,845 வெள்ளிக்கு I நிரல் `Cancelled` என்றது. இலை உலர்த்தும் இடத்து விசிறிக்கு வாங்கிய பாகங்கள். முகவரி தவறென்று விற்பனையாளரே ரத்து செய்திருக்கிறார், மறுபடி கொடுக்க மறந்துவிட்டார். சரிபார்க்கப்பட்ட பட்டியலை விற்றவர் ரத்து செய்யவோ, வாங்கியவர் நிராகரிக்கக் கோரவோ 72 மணி நேரம் உண்டு. அதன் பிறகு திருத்த வேண்டுமென்றால் வரவுக் குறிப்பு, பற்றுக் குறிப்பு வழியாகத்தான். முதலில் வந்த மின்னஞ்சலைப் பார்த்து "பில் வந்தாச்சு" என்று தங்கை குறித்துவைத்திருந்தாள். ரத்தான மின்னஞ்சலைக் கவனிக்கவில்லை. நிலை என்ற ஒரு நிரலைச் சேர்க்காமல் ஒப்பிட்டிருந்தால் இது பொருந்திவிட்டது என்றே காட்டியிருக்கும்.

பட்டறையின் 2,380 வெள்ளி காணாமல் போனதல்ல. ஆண்டு விற்பனை 10 லட்சம் வெள்ளிக்குக் கீழ் உள்ள சிறிய பட்டறை. மின்விலைப்பட்டியல் கொடுக்கும் கடமை அவருக்கு இல்லை. அவர் எழுதித் தரும் சாதாரண ரசீதே போதும், அதைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். இப்படிப்பட்டவர்களுக்கு `X` குறியீடு வைத்தால், `NIL` பட்டியலில் அவர்களைத் தனியே ஒதுக்கிவிடலாம். மாதா மாதம் வீணாக அழைத்துக் கேட்டு அவர்களைச் சங்கடப்படுத்த வேண்டியதில்லை. ஆனால் இந்த விலக்கு அவராக வாயால் சொல்வதோடு நிற்கக்கூடாது. ஆண்டுக்கு ஒரு முறை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்போது கூட்டிப் பாருங்கள். 18,400, 270, 5,845, 2,380. மொத்தம் 26,895. கடைவாரி வித்தியாசம் முழுவதற்கும் காரணம் கிடைத்துவிட்டது. இந்தக் கூட்டல் பொருந்தும்வரை வேலை முடியவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வெள்ளி நின்றாலும் அது இரண்டு பெரிய தவறுகள் ஒன்றையொன்று மறைத்த மிச்சமாக இருக்கலாம்.

அப்படி மறைந்த ஒன்றுதான் டீசல். மார்ச்சில் மூன்று முறை இறக்கினார்கள், ஒவ்வொன்றும் 7,210 வெள்ளி. விற்பனையாளர் தாக்கல் செய்தவை 4402, 4417, 4471 ஆகிய எண்கள். பதிவேட்டிலோ 4402, 4417, மறுபடியும் 4417. மொத்தம் பொருந்தியதால் `TOT` தாள் எதுவும் சொல்லவில்லை. பில்வாரிப் பார்வையில் 4417 எண் கொண்ட இரண்டு வரிசையிலும் H நிரல் 7,210 காட்டியது. `SUP` தாளில் 4471-க்கு நேரே `NIL` நின்றது.

"ரெண்டு பக்கமும் ஒரே தொகைதானே, எண்ணை மாத்திட்டா சரியாப் போச்சு" என்றாள் தங்கை. எண் மட்டும் தவறு என்றால் சரிதான். ஆனால் 4417 பில்லையே இரண்டு முறை பதிந்து, 4471 பில் மேசை இழுப்பறையில் கிடந்தால்? 4417-க்கு இரண்டு முறை பணம் போகும். அடுத்த மாதம் 4471-க்குக் கடைக்காரர் நினைவூட்டுவார், அதற்கும் பணம் போகும். பில்லுக்கு நேரே தொட்டியில் டீசல் இறக்கிய சீட்டை வைத்துப் பார்க்கச் சொன்னேன். மூன்று சீட்டுகளும் இருந்தன, மூன்றாவதில் 4471. எண்ணைத் திருத்தினாள். பத்து நிமிட வேலை, ஆனால் அந்தப் பத்து நிமிடம் இல்லாமல் திருத்தியிருக்கக் கூடாது.

இந்த முறைக்கும் எல்லை உண்டு

சாவியில் கோடுகளை நீக்குவதால், ஒரே கடை `12-3` என்றும் `1-23` என்றும் பில் போட்டால் இரண்டும் ஒன்றாகிவிடும். அபூர்வம்தான். ஆனால் H நிரலில் விளங்காத வித்தியாசம் வந்தால் இதையும் நினைவில் வையுங்கள். இந்தியாவிலிருந்தோ வேறு நாட்டிலிருந்தோ நேரடியாக இறக்குமதி செய்த இயந்திரப் பாகங்களுக்கு வெளிநாட்டுக் கடைக்காரர் மைஇன்வாய்ஸில் தாக்கல் செய்யமாட்டார். அதற்கு வாங்கியவரே சுயமாகப் பட்டியல் போட வேண்டும். அந்த வரிசைகள் `NIL` என்று காட்டினால் தேட வேண்டிய இடம் கடைக்காரரின் கதவல்ல, நம் மேசை.

எல்லாவற்றுக்கும் மேலாக, இரண்டு பட்டியலிலும் இல்லாத பில்லை எந்தச் சூத்திரமும் கண்டுபிடிக்காது. பொருள் வந்து, பில்லும் வராமல், தாக்கலும் ஆகாமல் இருந்தால் அது ஸ்டோர் பதிவேட்டில்தான் தெரியும். மாதம் ஒரு முறை ஸ்டோர்க்காரரின் புத்தகத்தையும் பக்கத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

நம்மில் பலருக்குத் தமிழ்நாட்டில் தொழில் செய்யும் உறவினர்கள் இருப்பார்கள். அவர்களுக்கு இந்த வேலை மாதாந்தரப் பழக்கம். அங்கே 2017 ஜூலை 1-இல் பொருள் சேவை வரி வந்தது. விற்பவர் தம் விற்பனைப் படிவத்தைத் தாக்கல் செய்ததும், வாங்குபவருக்கு `GSTR-2B` என்ற பட்டியல் மாதம் 14-ஆம் தேதி தானாக உருவாகிறது. 2022 ஜனவரி 1 முதல், விற்பவர் தாக்கல் செய்து அது வாங்குபவரின் பட்டியலுக்கு வந்தால்தான், கட்டிய வரியை வரவாக எடுக்க முடியும். வால்பாறையிலும் குன்னூரிலும் உள்ள தோட்ட அலுவலகத்தில் நம் வரி எண்ணுக்குப் பதில் அவர்களுடைய 15 எழுத்துப் பதிவெண்ணை B நிரலில் வைத்தால் சாவியும் சூத்திரங்களும் அப்படியே ஓடும். G நிரலில் மட்டும் எல்லா வரிசைக்கும் `Valid` என்று நிரப்பிக்கொள்ள வேண்டும், வரவுக் குறிப்புகளைக் கழித்தல் குறியோடு எழுத வேண்டும். நம் நாட்டில் 2015 ஏப்ரலில் வந்து 2018-இல் போன ஜி.எஸ்.டி. காலத்தில் உள்ளீட்டு வரி எடுத்த கிராணிகளுக்கும் இந்த வலி பழகியதுதான். இன்றைய விற்பனை, சேவை வரியில் அப்படிப்பட்ட வரவு இல்லை. நமக்குப் பணயம் வருமான வரியில்.

தங்கை ஏப்ரல் கணக்கை இந்தக் கோப்பிலேயே செய்தாள். `PR`, `SUP` தாள்களில் A முதல் E வரையும், `SUP`-இல் G நிரலையும் மட்டும் மாற்றி ஒட்டினால் போதும், சூத்திரங்கள் அசையாது. இம்முறை `NIL` மூன்றே வரிசை, மூன்றும் `X` குறியீடு. உரக்கடையின் புதிய பட்டியலும் வந்துவிட்டது. ஆனால் மார்ச் மாத உரத்துக்கு ஏப்ரல் தேதி போட்டு வந்திருப்பதால், மார்ச் கோப்பில் அந்த வரிசைக்குப் பக்கத்தில் காரணத்தை எழுதி வைக்கச் சொல்லியிருக்கிறேன். தணிக்கைக்கு யாராவது வரும்போது நாம் அந்த நாற்காலியில் இருப்போமோ இல்லையோ, குறிப்பு அங்கே இருக்க வேண்டும்.